இரண்டாம் முறை வரைந்த வளைகோடு

முத்துலிங்கத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஓய்வூதியர் சங்கத்தில் கேட்டார்கள். நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது. இருபத்திரண்டு வருடம் அந்த மனிதரை ஜீப்பில் வைத்து ஓட்டியவன் நான். பெயர் றவூப். கண்டிக்கு மேலே மடுல்கெல்லைப் பக்கத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சாரதி. அவர் அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் பி.எச்.ஐ. என்று சொன்னால்தான் தெரியும்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா வடிகால் கான் வெட்டியவர், அம்மா கொழுந்தெடுத்தவர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழு பேரோடு படுத்துக்கொண்டு படித்தவர் என்று அவரே சொல்லுவார். களுத்துறையில் பயிற்சி முடித்து, கையில் ஒரு தோல் பையும் வாயில் ஓயாத குறையுமாக எங்கள் பணிமனைக்கு வந்து சேர்ந்தார். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எங்கள் ஜீப்பைக் கண்டால் சட்டி கழுவ ஓடுவார்கள். அடுப்படிக்குள் போய்ச் சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிற ஆள். என்னோடு எத்தனையோ ஊர் சுற்றியிருக்கிறார், ஒரு கடையிலும் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்ததில்லை. "கழுவாத கிளாஸ்ல ஒங்களுக்கு ருசி அதிகமோ றவூப் நானா?" என்று என்னைத்தான் நக்கலடிப்பார். நானா என்றால் எங்கள் ஆட்களில் அண்ணன்.

அப்படி ஒரு சுத்தக்காரர்தான் ஒரு பொம்பளையின் பெயரைக் கெடுத்தார். பிறகு அதைத் துடைத்தார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முத்துலிங்கம்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மே மாதக் கடைசி. மேல்கந்தைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து பணிமனைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் தோட்டத்து வைத்திய உதவியாளர் பொன்னுத்துரை, எல்லோருக்கும் டாக்டரையா. யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக மலையில் இருந்தும் பேச்சு மாறாத மனிதர்.

"ஓம், கீழ்ப்பிரிவிலைதான். பன்ரண்டு நாளுக்குள்ளை இருபத்து மூண்டு செங்கமாரி. கண்ணெல்லாம் மஞ்சள். நான் இஞ்சை இப்பிடி ஒருநாளும் காணேல்லை. கெதியா வாங்கோ" என்றார்.

செங்கமாரி என்று அவர் சொன்னதைத் தோட்டத்தில் மஞ்சக்காமாலை என்பார்கள். ஈரலைத் தாக்குகிற காய்ச்சல். மலத்தில் இருந்து தண்ணீருக்கோ சாப்பாட்டுக்கோ போய், அங்கிருந்து வாய்க்குள் போகிற கிருமி. மறுநாள், மே முப்பதாம் தேதி, போனோம்.

மேல்கந்தைக் கீழ்ப்பிரிவில் மூன்று லயம். மேலே இரண்டு, பள்ளத்தில் ஒன்று. மொத்தம் முந்நூற்றுப் பத்துப் பேர். மேல் லயங்கள் இரண்டுக்கும் மலையில் இருக்கிற ஊற்றில் இருந்து சீமெந்துத் தொட்டி வழியாகப் பைப்பில் தண்ணீர். பள்ளத்து லயத்துக்கு வேறு ஓடையில் இருந்து பீலித் தண்ணீர். இதையெல்லாம் முத்துலிங்கம் முதல் நாளே தன் கொப்பியில் குறித்தார். குறித்தாரே தவிர, யோசித்தாரா என்பது வேறு கதை.

டிஸ்பென்சரிப் பதிவுப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருபத்து மூன்று பெயரையும் எழுதினார். பிறகு கட்டம் போட்ட தாளை எடுத்தார். கீழே வரிசையாகத் தேதிகள். ஒரு தேதிக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு சதுரம், ஒன்றின் மேல் ஒன்றாக, செங்கல் அடுக்குகிற மாதிரி. எனக்கு வேலை இல்லாததால் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இதுக்குப் பேரு நோய் வளைகோடு. ஆள்கள எப்ப எப்பப் புடிச்சிருக்குன்னு பார்த்தா, எங்க இருந்து புடிச்சிச்சுன்னு பின்னாடி எண்ணிக் கண்டுபுடிக்கலாம்" என்றார். "இந்தக் கிருமி உள்ள போனா ஒடனே காட்டாது. கொறஞ்சது பதினஞ்சு நாளு, கூடுனது அம்பது. பெரும்பாலும் இருபத்தெட்டு. அதுதான் நோயரும்பு காலம்."

மே பதினெட்டில் தொடங்கி, இருபத்தெட்டில் உச்சிக்கு ஏறி, அப்புறம் இறங்கியது அந்த அடுக்கு. அழகான ஒற்றை மலை. ஒரே நாளில், ஒரே இடத்தில் எல்லோரும் வாங்கிய நோய் என்றால் இப்படித்தான் இருக்குமாம். இருபத்தெட்டில் இருந்து இருபத்தெட்டு நாளைப் பின்னால் எண்ணினார். ஏப்ரல் முப்பது, ஞாயிற்றுக்கிழமை.

"அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சு டாக்டரையா?" என்று கேட்டார்.

பொன்னுத்துரை யோசிக்கக்கூட இல்லை. "அண்டைக்குத்தான் மாரியம்மன் திருவிழா. முழு டிவிசனும் அன்னதானத்திலை இருந்தது" என்றார்.

முத்துலிங்கத்தின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது. காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்தவரின் சந்தோஷம் அது. எனக்கும் சந்தோஷம்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே.

அன்னதானத்தில் சோறு, சாம்பார் எல்லாம் கொதித்தவை. கொதிக்காத ஒன்று பானக்கம். சர்க்கரையும் எலுமிச்சம்புளியும் போட்டு அண்டாவில் கரைத்தது. கரைத்தவர் ராக்கம்மா. ஐம்பது வயது. பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா. புருஷன் இல்லை, ஒரே மகன். திருவிழாவில் பானக்கம் கரைப்பது அவர் குடும்பத்து உரிமை. அவருடைய மாமியார் காலத்தில் இருந்து வருவது. ஐம்பது எலுமிச்சம்பழத்தையும் கையாலேயே பிழிவார்.

"கையாலயா?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

"பின்ன காலாலயா ஐயா பிழிவாங்க?" என்றார் ராக்கம்மா. அப்போது அவருக்குச் சிரிக்க முடிந்தது.

"ஒங்களுக்குக் காய்ச்சல், வாந்தி ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அறிகுறி காட்டாமலே சிலர் கிருமியைக் காவுவது உண்டு என்று கொப்பியில் எழுதினார். தண்ணீரையும் விடவில்லை, பைப்பில் மாதிரி எடுத்தார், குளோரின் பார்த்தார். நன்றாகவே இருந்தது. இருக்காதா பின்னே? நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து முதல் நாள்தான் தோட்டத்து ஆட்கள் தொட்டிக்குள் ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார்கள். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஊற்றுக்கண்ணைப் பார்க்க மேலே ஏற வேண்டும் என்று அவர் சப்பாத்தைக் கட்டினார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. "சேர், இன்னும் அரை மணித்தியாலம் நின்டா ஜீப் இறங்காது" என்றேன். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சப்பாத்து லேஸைத் தளர்த்திவிட்டார். அந்த வாக்கியத்தைச் சொன்ன என் வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

ஜூன் மூன்றாம் தேதி முதல் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். இரத்த மாதிரிகளின் முடிவு கொழும்பில் இருந்து வந்து, ஈரல் அழற்சி ஏ வகை என்று உறுதியாகியிருந்தது. நோயாளி என்பவர் யார் என்பதற்கு வரைவிலக்கணம்: டிஸ்பென்சரிப் பதிவில் மஞ்சக்காமாலை என்று எழுதப்பட்ட கீழ்ப்பிரிவு ஆள். வளைகோடு: ஒற்றை மலை. காரணம்: ஏப்ரல் முப்பது அன்னதானத்தில் கையால் கரைத்த பானமாக இருக்கலாம். தண்ணீர்: திருப்தி. கட்டுப்படுத்தும் நடவடிக்கை: பொதுச் சமையல் நிறுத்தம், சம்பந்தப்பட்டவரைச் சிறு பிள்ளைகளின் உணவு வேலையில் இருந்து விலக்கல், கை கழுவும் பழக்கம் பற்றி வகுப்பு.

'இருக்கலாம்' என்ற சொல் அறிக்கையில் இருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது இல்லை. தோட்டத்தை நடத்துகிற துரை தன் பங்குக்கு ஒரு கடிதம் அடித்து, காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஒட்டினார். சுகாதாரப் பகுதியின் உத்தரவுப்படி, நோய் பரப்பிய ராக்கம்மா பிள்ளைக்காம்பரா வேலையில் இருந்து நிறுத்தப்படுகிறார் என்று அதில் இருந்ததாம். முந்நூறு பேர் வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துச் சொன்னார்கள்.

அந்த வாரமே, ஜூன் ஒன்பதாம் தேதி, ராக்கம்மாவின் மகனுக்குக் கல்யாணம். மாசி மாதத்திலேயே நிச்சயித்தது. பெண் நாவலப்பிட்டியில் இருந்து. பெயர் சந்திரிகா, தையல் கடையில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. லயத்து ஆட்கள் வந்தார்கள், தாலி கட்டுவதைப் பார்த்தார்கள், சாப்பிடாமல் போனார்கள். நாவலப்பிட்டிக்காரர்கள் முப்பது பேர் மட்டும் பந்தியில் இருந்தார்கள். இரண்டு கிடாரம் சோற்றை அடுத்த நாள் காலையில் ராக்கம்மா தன் கையாலேயே குழி வெட்டிக் கொட்டினார். இதைப் பொன்னுத்துரை சொல்லித்தான் கேட்டேன். ஜீப்பில் வரும்போது முத்துலிங்கத்திடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "பாவந்தான். ஆனா தரவு அப்படித்தான் சொல்லுது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எனக்கு எதிர்த்துச் சொல்ல என்ன தெரியும்?

ஜூன் கடைசியில் மறுபடி நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு தொற்றுகிறதாக்கும் என்று பணிமனையில் நினைத்தார்கள். ஜூலை இருபத்து நான்காம் தேதி, கண்டியில் ஆஸ்பத்திரியில், ஈரல் முழுதும் பழுதாகி சந்திரிகா செத்துப்போனாள். இந்த நோயில் சாவது அபூர்வம், ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்று எங்கள் வைத்திய அதிகாரி மிஸ் சொன்னார். அந்த ஒன்று இந்தப் பிள்ளையாகப் போனது.

சாவு என்றால் தனி விசாரணை. ஒரு கிழமை கழித்து மேல் லயத்துக்குப் போனோம். ராக்கம்மா வாசலில் பாய் விரித்தார், யாரும் உட்காருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல். முத்துலிங்கம் உட்கார்ந்தார். பக்கத்துக் காம்பராக்களில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"எப்ப மொதல்ல சொகமில்லாம போச்சு?" என்று கேட்டார். கையில் டிஸ்பென்சரித் துண்டு. அதில் ஜூலை இருபத்திரண்டு என்று இருந்தது.

"எட்டாந்தேதியே காய்ச்சலுங்க" என்றார் ராக்கம்மா. "சோறு வேணான்னுட்டா. நாலஞ்சு நாள்ல கண்ணு மஞ்சளாச்சு. கீழாநெல்லி அரைச்சு ஒம்பது நாளு குடுத்தேன், உப்பில்லாத பத்தியம். பத்தியம் முடிஞ்சும் எந்திரிக்கல, அப்புறந்தான் டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போனோம்."

முத்துலிங்கத்தின் பென்சில் நின்றுவிட்டது.

"ஒம்பது நாளும் டிஸ்பென்சரிக்கே போகலையா?"

"பத்தியத்துல இங்கிலீஷ் மருந்து பட்டா மருந்து முறிஞ்சிடுமில்ல? இங்க எல்லாருமே அப்படித்தான். பத்தியம் முடிச்சிட்டு, வேலைக்கு வராத நாளுக்குச் சீட்டு வாங்கத்தான் டிஸ்பென்சரிக்குப் போவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஐயாவும் லயத்துல பொறந்தவர்னு சொன்னாங்களே" என்றார். குத்திச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. உண்மையாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இறங்கி மதகில் உட்கார்ந்தார். "பத்து வயசுல எனக்கும் மஞ்சக்காமாலை வந்துச்சு றவூப் நானா. எங்கம்மா ஒம்பது நாளு கீழாநெல்லி குடுத்துச்சு. நாக்குல அந்தக் கசப்பு இன்னும் இருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே புஸ்தகத்துல இருந்த தேதிய எடுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

எனக்கு முழுதாகப் புரிய மேலும் கொஞ்ச நேரம் எடுத்தது. காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாளில் மஞ்சள், அப்புறம் ஒன்பது நாள் பத்தியம். ஆக ஒவ்வொருவரும் புத்தகத்தில் ஏறுவதற்குப் பதினான்கு நாள் முன்பே நோயாளி. சீட்டு வாங்க வந்த நாளைத்தான் இவர் நோய் பிடித்த நாளாகச் சதுரம் போட்டிருக்கிறார். மலை முழுவதும் இரண்டு கிழமை தள்ளி நிற்கிறது.

மறுநாள் காலையில் இருந்து வீடு வீடாகப் போனார். வரைவிலக்கணத்தையே மாற்றி எழுதினார்: ஏப்ரல் நடுவில் இருந்து கீழ்ப்பிரிவில் தங்கியவர்களில், காய்ச்சலோ வாந்தியோ சாப்பாட்டில் வெறுப்போ வந்து, கண் மஞ்சளாகவோ சிறுநீர் கடும் நிறமாகவோ போன எவரும் நோயாளி, இரத்தத்தில் உறுதியானவர் உறுதியான நோயாளி. டிஸ்பென்சரிக்குப் போனாரா என்ற கேள்வியே இல்லை. தேதி ஞாபகம் இல்லாதவர்களிடம், "திருவிழாவுக்கு முன்னாடியா, பின்னாடியா? கொடியெறக்குன அன்னிக்கு சோறு தின்னீங்களா, தின்ன முடியலையா?" என்று கேட்டுக் கேட்டுத் தேதியைப் பிடித்தார். மூன்று நாள். சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து, "குடிச்சிட்டு எழுதுங்க, எங்களுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியும்" என்றார்கள். அதை மட்டும் அவர் குடிக்கவில்லை.

டிஸ்பென்சரிக்கே போகாதவர்கள் நிறையப் பேர் அகப்பட்டார்கள். ஜீப்பின் மூக்கில் தாளை விரித்து மறுபடி சதுரம் அடுக்கினார். முதல் ஆள் மே நான்காம் தேதி. திருவிழா முடிந்து நாலாம் நாள்.

"குறைஞ்சது பதினஞ்சு நாள் வேணுமென்டு சொன்னீங்களே சேர்?" என்றேன்.

"ஆமா" என்றார். "பானக்கம் குடிச்சு நாலு நாள்ல வராது. வரவே வராது."

உச்சி மே பதினான்கில் இருந்தது. இருபத்தெட்டு நாள் பின்னால் எண்ணினால் ஏப்ரல் பதினாறு. சித்திரை வருடப் பிறப்பு பதினான்காம் தேதி, அதையொட்டி மூன்று நாள் அடைமழை. எனக்கே ஞாபகம் இருந்தது, அந்த மழையில் ஹுன்னஸ்கிரிய வீதியில் மண் சரிந்து நான் அரை நாள் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். மலை இறங்கவே இல்லை. மே கடைசியில் கொஞ்சம் தாழ்ந்து, ஜூலையில் மறுபடி எழுந்து நின்றது. ஒரு நாள் பானக்கத்தால் வருகிற வடிவம் அல்ல அது. நோய் தருகிற எதுவோ இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆளைக் கணக்கெடுத்தால், மேல் லயங்கள் இரண்டிலும் நூற்றைம்பதுக்குச் சற்று மேலான ஆட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நோய். அதே பானக்கத்தைக் குடித்த பள்ளத்து லயத்தில் மூன்றே பேர். அந்த மூன்றும் பகலில் மேல் லயத்துப் பைப்பில் வாய் வைக்கிற பிள்ளைகள்.

இந்தத் தடவை நான் வானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அட்டை கடிக்கக் கடிக்க ஊற்றுக்கண்ணுக்கு ஏறினோம். அதற்கு மேலே, முப்பதடி தூரத்தில், மேல்பிரிவுப் புது லயத்துக்காகக் கட்டின பத்துக் கக்கூஸ். வருடப் பிறப்புக்கு முதல் கிழமை துரை ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தது. குழிகளுக்கு அடியில் கசிந்த ஈரம், சரிவில் பச்சைக் கோடாக இறங்கி ஊற்றைத் தொட்டது. நாற்றத்தை நான் எழுதத் தேவையில்லை. முத்துலிங்கம் குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பத்தடி போய் வாந்தி எடுத்தார்.

அன்றே தொட்டிக் குழாயை அடைத்தார். பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. அதையும் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். கக்கூஸ்களைப் பூட்டி, குழிகளுக்குச் சுண்ணாம்பு போட்டு மூடி, ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வேறிடத்தில் வெட்ட வைத்தார். தொட்டியைக் கழுவித் திறந்த பிறகு, ஒவ்வொரு நாளும் குளோரின் போட்டு, கடைசிப் பைப்பில் அது வந்து சேருகிறதா என்று பார்க்க ஓர் ஆளைப் போட்டு, அந்த ஆளையும் நம்பாமல் தானே போய்ப் பார்த்தார். துரை பாய்ந்தார். யார் யாரோ பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். கடைசி நோயாளி செப்டெம்பர் பதினோராம் தேதி. அதன் பிறகு ஒக்டோபர் முடியும் வரை ஒருவரும் இல்லை. மொத்தம் ஐம்பத்தேழு, சாவு ஒன்று.

முடிவு அறிக்கையை எழுதி வைத்திய அதிகாரி மிஸ்ஸின் மேசையில் வைத்தார். நான் கோப்பு வாங்கப் போய் அங்கே நின்றேன். மிஸ் கெட்டிக்காரி, நல்ல மனுசியும்கூட. ஒரு பந்தியில் விரலை வைத்து, சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். "முதல் அறிக்கை தற்காலிகம். இறுதியில் கணக்கைத் திருத்தினால் போதும். இந்தப் பந்தி எதற்கு? உங்களுக்கு எதிராக விசாரணை வரும்."

"வரட்டும் மிஸ்" என்றார் முத்துலிங்கம்.

"எனக்கும் வரும். முதல் அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது."

அதற்கும் அவர் பந்தியை எடுக்கவில்லை. மிஸ் அரை மணித்தியாலம் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருவருக்கும் விசாரணை வந்தது. முத்துலிங்கத்துக்கு இரண்டு வருடப் பதவி உயர்வு போனது. அதற்காக அவர் ஒரு நாளும் மூக்குச் சிந்தியதில்லை.

அறிக்கை இங்கிலீஷில். அதைத் தோட்டத்தில் யார் வாசிப்பார்கள்? பெரட்டுக்களத்தில் ஒட்டின கடிதத்தைக் கிழித்தாயிற்று என்று துரை சொன்னார். கிழித்தால் போகிற விஷயமா அது? ராக்கம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது. ஆனால் நான்கு தாய்மார் தங்கள் பிள்ளைகளை இன்னும் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பவில்லை. முத்துலிங்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறிக்கையைத் தன் கையாலேயே தமிழில் எழுதினார். நவம்பர் முதல் ஞாயிறு காலை, மாரியம்மன் கோயில் முற்றத்தில் ஆட்களைக் கூட்டச் சொன்னார். பெரிய தாளில் வளைகோட்டை வரைந்து மாமரத்தில் ஆணி அடித்து மாட்டினோம்.

ஒரு கட்டம் ஒரு ஆள் என்று தொடங்கினார். பானக்கத்தால் ஏன் வந்திருக்க முடியாது, தண்ணீர் எப்படிக் கெட்டது, இனி ஊற்றுக்கு மேலே யார் என்ன கட்டினாலும் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் சொன்னார். ஆட்கள் தலையாட்டினார்கள். துரையைச் சிலர் வைதார்கள். ராக்கம்மா பின்னால் பொம்பளைகளுக்கு நடுவில் இருந்தார், தலையில் முக்காடு. அவரைச் சுற்றி ஒரு முழ இடம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

"ராக்கம்மா மேல ஒரு பழியும் இல்ல" என்றார் முத்துலிங்கம். "என் கணக்கு பிழை. நான் மன்னிப்புக் கேக்கிறேன்."

ராக்கம்மா எழுந்து முன்னுக்கு வந்தார். தாளின் அருகில் போய் நின்று கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"இதுல எம் மருமக எது?"

முத்துலிங்கம் இரண்டாவது மலையில் ஒரு சதுரத்தைத் தொட்டார். ராக்கம்மா அதில் ஒரு விரலை வைத்தார்.

"நீங்க மொத கடுதாசி எழுதுனது எங்க வருது?"

அவர் ஜூன் மூன்றைக் காட்டினார். ராக்கம்மாவின் மற்றக் கை அங்கே போனது. இரண்டு கைக்கும் நடுவில் நிறையச் சதுரங்கள் இருந்தன.

"அவ ஒம்பதாந்தேதிதான் இந்தத் தோட்டத்துக்கே வந்தா" என்றார் ராக்கம்மா. சத்தம் உயரவில்லை. "நீங்க தண்ணி நல்லாருக்குன்னு எழுதி ஆறு நாளு கழிச்சு. வந்த பொண்ணுக்கு நாந்தான் பைப்புல புடிச்சு மொத செம்பு குடுத்தேன்."

விரல்களை எடுக்காமலே முத்துலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அதையும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்" என்றார் முத்துலிங்கம்.

"இப்ப நீங்க வாசிச்சதுல அது வரலையே."

உண்மைதான். அந்தப் பந்தியை அவர் தாண்டிப் போயிருந்தார். அதிகாரிகளுக்கு முன்னால் துணிந்து வைத்ததை, இந்த முற்றத்தில் வாசிக்க அவருக்கு நாக்கு எழவில்லை. நானும் கவனித்தேன், கவனித்தும் சும்மா இருந்தேன்.

"வாசிங்க" என்றார் ராக்கம்மா. "எம் மேல எழுதினத எல்லாருக்கும் வாசிச்சாங்க. இதையும் எல்லாரும் கேக்கட்டும்."

முத்துலிங்கம் தாளைப் புரட்டினார். முதல் வரியை இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது. "முதல் அறிக்கையில் நோய் தொடங்கிய தேதிக்குப் பதிலாக டிஸ்பென்சரிக்கு வந்த தேதி எடுக்கப்பட்டது. நீரூற்று நேரில் பார்க்கப்படவில்லை. அதனால் ஜூன் மூன்றுக்குப் பின் எட்டுக் கிழமைக்கு மேல் நீர் மூடப்படாமல் இருந்தது. அதற்குப் பின் நோயுற்றவர்களில் பலர் தப்பியிருக்கலாம். ஜூன் ஒன்பதில் தோட்டத்துக்கு வந்த சந்திரிகா, இருபத்திரண்டு வயது, நிச்சயமாகத் தப்பியிருப்பார். இந்தப் பிழை என்னுடையது."

ராக்கம்மா கடைசிச் சொல் வரைக்கும் அந்த இரண்டு விரல்களையும் எடுக்கவில்லை. பிறகு, "எம் மருமக பேர இன்னொருக்கா சொல்லுங்க, பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல" என்றார்.

அவர் மறுபடியும் சொன்னார்.